வெள்ளாடு குட்டி வீசினால்: காரணம் தெரிய எதை எடுத்துவைக்க வேண்டும், எதை எழுதிவைக்க வேண்டும்

நான்கு மாதச் சினை ஆடு ஒன்று காலையில் பட்டியில் செத்த குட்டியைப் போட்டிருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். "வேற ஆடு முட்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குட்டியைப் புதைப்பார்கள், அல்லது வேலிக்கு அப்பால் எறிவார்கள். பின்னால் விழும் நஞ்சுக்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போகும். பத்து நாள் கழித்து இரண்டாவது ஆடும் வீசிய பிறகுதான் மருத்துவரைத் தேடுவார்கள். அப்போது அவர் கையில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

காரணம் தெரிவது ஏன் இவ்வளவு அவசியம் என்றால், வெளியே ஒரே மாதிரி தெரியும் செத்த குட்டிக்குப் பின்னால் நேரெதிரான முடிவுகள் இருக்கின்றன. காரணம் புருசெல்லா என்ற கிருமி என்றால் வீசிய ஆட்டைப் பட்டியில் வைத்திருக்கவே கூடாது. கிளமிடியா என்ற இன்னொரு கிருமி என்றால் அதே ஆட்டை வைத்துக்கொள்வதுதான் லாபம், ஏனென்றால் ஒருமுறை வீசிய ஆடு பெரும்பாலும் அடுத்த சினையை நன்றாகவே தாங்கும். பூனையின் மலம் வழியாகப் பரவும் டாக்சோபிளாஸ்மா என்றால் ஆட்டை விட்டுவிட்டுத் தீவன அறையையும் பூனையையும் பார்க்க வேண்டும். தீனிப் பற்றாக்குறை என்றால் எந்த ஊசியும் பயன்படாது. ஊகத்தில் முடிவெடுத்தால் நல்ல ஆட்டை விற்றுவிட்டு நோயைப் பட்டியிலேயே வைத்திருப்போம்.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லா நோய்களையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. குட்டி வீசியதைப் பார்த்த நிமிடத்திலிருந்து ஆய்வக முடிவு கையில் வரும்வரை என்ன செய்வது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

எப்போது ஆய்வகம் வரை போக வேண்டும்?

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பெரிய பட்டியில் வருடத்தில் ஒன்றிரண்டு குட்டி வீசுவது எங்கும் நடப்பதுதான். சினை ஆடுகளில் 100-க்கு 5-க்கு மேல் வீசினாலோ, சில வாரங்களுக்குள் இரண்டு ஆடு அடுத்தடுத்து வீசினாலோ அதைத் தொற்று என்று எடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பத்து ஆடு வைத்திருப்பவருக்கு இந்த விகிதக் கணக்கு உதவாது. அவர் முதல் ஆட்டுக்கே மாதிரி எடுத்துவைப்பது நல்லது. பிறகு வேண்டாம் என்றால் புதைத்துவிடலாம், புதைத்ததைத் தோண்டி எடுத்து அனுப்ப முடியாது.

முதல் வேலை: உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

ஆட்டில் குட்டி வீச வைக்கும் முக்கியமான கிருமிகளில் பல மனிதருக்கும் தொற்றும். புருசெல்லா மெலிடென்சிஸ் வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்துக்கொட்டுதல், மூட்டுவலி, முதுகுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைப் படுத்திய காய்ச்சலுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று 1887-இல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905-இல்தான் தெரிந்தது. பார்க்க நன்றாக இருந்த வெள்ளாடுகளின் உடலில்தான் அது இருந்தது, அவற்றின் பச்சைப் பால் வழியாக மனிதருக்குப் போனது. அதைக் காட்டியவர் அந்தத் தீவைச் சேர்ந்த மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட். ஆடு நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கிளமிடியாவும், கியூ காய்ச்சல் தரும் காக்சியெல்லாவும் கர்ப்பிணிப் பெண்களுக்கு மிகவும் ஆபத்து. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் குட்டி, நஞ்சுக்கொடி, அந்த இடத்து வைக்கோல், அதைத் தொட்டவரின் துணி எதன் பக்கமும் வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. மற்றவர்கள் இரண்டு கையுறை, முகக்கவசம், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கையுறை இல்லையென்றால் தடிமனான பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த சாணத்தைக் கூட்டிப் புழுதி கிளப்ப வேண்டாம், காக்சியெல்லா அந்தத் தூசியோடுதான் மூக்குக்குள் போகும். அந்தப் பட்டியின் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

வீசிய ஆட்டை உடனே தனியாகக் கட்டுங்கள். அப்புறம் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். மருத்துவர் வந்து மாதிரி எடுக்கும்வரை அந்த ஆட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி எதுவும் போடவேண்டாம். ஊசி போட்டபின் எடுத்த மாதிரியில் பாக்டீரியா வளராமல் போகலாம். ஏற்கெனவே போட்டுவிட்டால் மறைக்காமல் மருந்தின் பெயரையும் நாளையும் சொல்லிவிடுங்கள்.

நஞ்சுக்கொடிதான் முதல் மாதிரி

ஆய்வகத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் அனுப்ப முடியும் என்றால் நான் நஞ்சுக்கொடியைத்தான் அனுப்பச் சொல்வேன். குட்டி வீச வைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை முதலில் தாக்குவது அதைத்தான். குட்டியின் உடம்பில் வெளியே ஒன்றும் தெரியாதபோதுகூட நஞ்சுக்கொடியில் அடையாளம் இருக்கும். ஆனால் மக்கள் முதலில் தூக்கி எறிவதும் அதைத்தான்.

வெள்ளாட்டின் நஞ்சுக்கொடியை விரித்துப் பார்த்தால் மெல்லிய சவ்வில் ஆங்காங்கே குமிழ் குமிழாகச் சிவந்த முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகள் வழியாகத்தான் தாயிடமிருந்து குட்டிக்கு உணவு போகிறது. நல்ல நஞ்சுக்கொடியில் முடிச்சுகள் ஒரே சீராகக் கருஞ்சிவப்பாகவும், இடையில் உள்ள சவ்வு கண்ணாடித்தாள் போல மெல்லிசாகவும் இருக்கும். கிளமிடியாவில் முடிச்சுகள் வெளுத்தோ பழுப்பாகவோ அழுகிப்போவதோடு, இடைச் சவ்வும் தடித்துத் தோல் மாதிரி ஆகி, மேலே செம்பழுப்பான கசடு படிந்திருக்கும். டாக்சோபிளாஸ்மாவில் இடைச் சவ்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், முடிச்சுகளுக்குள் மட்டும் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இதைப் பார்த்து நீங்களே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் போனில் ஒரு படம் எடுத்து மாதிரியோடு அனுப்பினால், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று ஆய்வகத்தாருக்கு உடனே பிடிபடும்.

மண்ணும் சாணமும் ஒட்டியிருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள். டெட்டால், பினாயில், பிளீச்சிங் எதுவும் படக்கூடாது. முழு நஞ்சுக்கொடியையும் அனுப்ப முடிந்தால் நல்லது. இல்லையென்றால் கெட்டுப்போனதாகத் தெரியும் முடிச்சுகளில் நான்கைந்தை, சுற்றியுள்ள சவ்வோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் முடிச்சு ஒன்றிரண்டும் கூட இருக்கட்டும். பாதி தொங்கிக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள், கருப்பை கிழிந்துவிடும். தானாக விழட்டும், அல்லது வெளியே தொங்கும் பகுதியில் இருந்து மருத்துவர் எடுக்கட்டும்.

நாய் தின்றுவிட்டது, கிடைக்கவில்லை என்றால்? ஆட்டின் பிறப்புறுப்பில் வடியும் கசிவைக் கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியில் ஆழமாகத் தொட்டு எடுக்கலாம். இதை அன்றைக்கோ மறுநாளோ எடுத்துவிட வேண்டும். நாள் ஆக ஆகக் கிருமி குறைந்துகொண்டே போகும்.

குட்டியை அறுக்காமல் அனுப்புங்கள்

குட்டி ஒன்றிரண்டு கிலோதான் இருக்கும், தெர்மாகோல் பெட்டிக்குள் முழுசாக அடங்கும். அதனால் வீட்டில் வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். கிழித்தால் உங்களுக்கும் ஆபத்து, உள்ளே சுத்தமாக இருந்த மாதிரியும் கெட்டுப்போகும். இரட்டைக் குட்டி என்றால் இரண்டையும் அனுப்புங்கள். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சுருங்கிக் காய்ந்து கருவாடு மாதிரியும் இருந்தால் அந்தச் சின்னதை எறிந்துவிடாதீர்கள். இரண்டு குட்டிகளும் வேறு வேறு நாளில் செத்தன என்பதற்கு அதுதான் சாட்சி, டாக்சோபிளாஸ்மாவில் அப்படி அடிக்கடி நடக்கும்.

ஆய்வகத்தில் முதலில் தேடுவது குட்டியின் இரைப்பைத் தண்ணீர். கருவில் இருக்கும் குட்டி பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். பனிக்குடத்துக்குள் கிருமி வந்தால் அதுவும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். மூடிய பை என்பதால் வெளி அழுக்கு அதில் கலப்பதில்லை. மருத்துவர் இரைப்பையின் மேற்பரப்பைச் சுட்ட கத்தியால் தொட்டுச் சுத்தமாக்கி, ஊசியைக் குத்தி 2 முதல் 3 மில்லி உறிஞ்சி எடுப்பார். இதோடு கல்லீரல், நுரையீரல், மண்ணீரல், மூளை ஆகியவற்றில் சிறு துண்டுகளும், நெஞ்சுக்கூட்டில் தேங்கிய நீரும் எடுக்கப்படும்.

அந்த நெஞ்சு நீருக்குத் தனி மதிப்பு உண்டு. ஆடு மாடுகளில் தாயின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குட்டிக்குப் போகாது. பிறந்தபின் சீம்பாலில்தான் அது கிடைக்கும். எனவே சீம்பால் குடிக்காமல் செத்த குட்டியின் நெஞ்சு நீரில் டாக்சோபிளாஸ்மாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தால், அதைக் குட்டியே உண்டாக்கியிருக்கிறது, அதாவது கிருமி கருவுக்குள்ளேயே போயிருக்கிறது என்று பொருள். தாயின் ரத்தத்தில் அதே எதிர்ப்புப் பொருள் இருந்தால் அவ்வளவு தெளிவு கிடைக்காது. என்றோ ஒருநாள் அந்த ஆட்டுக்குக் கிருமி வந்துபோயிருக்கலாம்.

ஆய்வகம் தூரத்தில் இருந்து, மருத்துவர் பட்டியிலேயே அறுத்து மாதிரி எடுக்கிறார் என்றால் ஒவ்வொரு உறுப்பிலும் இரண்டு துண்டு வேண்டும். ஒன்று பச்சையாகத் தனிப் புட்டியில், மற்றொன்று ஃபார்மலினில். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது, துண்டைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். துண்டு தடித்திருந்தால் ஃபார்மலின் நடுவரை போவதற்குள் உள்ளே அழுகிவிடும். வாய் அகன்ற புட்டியாகப் பாருங்கள். ஃபார்மலினில் துண்டு விறைத்துப்போகும், குறுகிய வாய்ப் புட்டியில் போட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நஞ்சுக்கொடி முடிச்சை வெட்டி, வெட்டிய முகத்தைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி இரண்டு மூன்று பதிவுகள் எடுப்பதும் நல்லது. இந்தக் கண்ணாடிகளையும் ஃபார்மலின் புட்டியையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டால் சாயம் ஒழுங்காக ஏறாது. நல்ல மாதிரி வீணாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

ரத்தம்: வீசிய ஆட்டில் மட்டும் போதாது

மருந்து எதுவும் இல்லாத சிவப்பு மூடிக் குழாயில் 5 மில்லி ரத்தம் வேண்டும். எடுத்தபின் குலுக்காமல் சாய்த்து நிழலில் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறைந்து, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் பிரியும். அதை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உறைந்த ரத்தத்தை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் உடைந்து சீரம் சிவந்துபோகும், சோதனைக்கு உதவாது.

வீசிய ஆடுகள் எல்லாவற்றிலும், கூடவே ஒழுங்காகக் குட்டி போட்ட ஆடுகள் ஐந்தாறிலும், கிடாயிலும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வீசிய ஆடுகளில் எல்லாம் எதிர்ப்புப் பொருள் இருந்து, ஒழுங்காகப் போட்டவற்றில் இல்லையென்றால் அந்த வித்தியாசம் ஒன்றைச் சொல்கிறது. இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றும் சொல்வதில்லை. கிடாயின் விதை ஒருபக்கம் வீங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், புருசெல்லாவில் அப்படி வரலாம்.

பொதிந்து அனுப்புவது

நம் ஊர் வெயிலில் காலையில் விழுந்த குட்டி மத்தியானத்துக்குள் கெட ஆரம்பித்துவிடும். அதனால் மருத்துவர் வரும்வரை இரண்டு பாலிதீன் பைக்குள் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்துவிடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு ஒருபோதும் வைக்காதீர்கள். வேண்டியது 4 டிகிரி குளிர்ச்சிதான். உறையவைத்தால் திசு உடைந்து, நுண்ணோக்கியில் பார்க்க முடியாமல் போகும், சில பாக்டீரியாக்களும் செத்துவிடும். 24 மணி நேரத்துக்குள் சேர்ந்தால் நல்லது, 48-ஐத் தாண்டக் கூடாது. அதற்குமேல் ஆகும் என்று தெரிந்தால் பச்சைத் துண்டுகளில் ஒரு பங்கை மட்டும் உறையவைக்கலாம், கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அது போதும். ஃபார்மலின் புட்டியை எந்த நிலையிலும் உறையவைக்கக் கூடாது.

நஞ்சுக்கொடி ஒரு பையில், குட்டி வேறு பையில், ஒவ்வொன்றின் மேலும் ஆட்டின் எண்ணும் தேதியும் அழியாத மையில். கசிந்தால் உறிஞ்சுவதற்குப் பழைய செய்தித்தாள், அதற்குமேல் ஐஸ் பை. காகிதத்தைத் தனிப் பாலிதீனில் போட்டுப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள், ஈரத்தில் நனைந்த கடிதத்தை யாராலும் படிக்க முடியாது. மாதிரி மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கோ மருத்துவரின் கடிதத்தோடு போகும். கிளம்புமுன் போன் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பெட்டி திங்கட்கிழமை வரை யாரும் திறக்காமல் கிடக்கலாம்.

அந்த இடத்து வைக்கோலை எரித்துவிடுங்கள். மீந்ததை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

எழுதவேண்டிய விவரம்

ஆய்வகத்துக்கு வரும் சீட்டில் பல நேரம் "ஆடு, கருச்சிதைவு, காரணம் தெரிவிக்கவும்" என்று மட்டும் இருக்கும். இதை வைத்துக்கொண்டு பத்து நோய்களில் எதைத் தேடுவது?

முக்கியமானது சினை நாள். கிடாயோடு சேர்ந்த தேதி தெரிந்தால் எத்தனையாவது நாளில் வீசியது என்று சொல்லலாம். அது தெரியாவிட்டால் குட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, உச்சந்தலையிலிருந்து முதுகு வளைவோடு வால் தொடங்கும் இடம் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து எழுதுங்கள், முடி முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிளமிடியா பெரும்பாலும் கடைசி ஒரு மாதத்தில்தான் வீசவைக்கும். புருசெல்லா நான்காம் மாதத்தையொட்டி வீசவைக்கும். தீனிப் பற்றாக்குறையில் வீசுவது மூன்று முதல் நான்கு மாதத்துக்குள், பெரும்பாலும் வற்றிய கோடையில், முதல் சினையான இளம் ஆடுகளில். அதில் குட்டி புதிதாக இருக்கும், நஞ்சுக்கொடியில் பழுது இருக்காது.

இங்கே வெள்ளாட்டுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. செம்மறியில் சினையின் பாதிக்குப் பிறகு, சினையைத் தாங்கும் ஹார்மோனை நஞ்சுக்கொடியே சுரக்கும். வெள்ளாட்டில் கடைசிவரை அதைச் சினைப்பையில் இருக்கும் மஞ்சள் திட்டுதான் சுரக்கிறது. அந்தத் திட்டு கரைந்தால் எந்த மாதத்திலும் குட்டி விழுந்துவிடும். அந்தத் திட்டைக் கரைக்கும் புரோஸ்டாகிளான்டின் ஊசி வெள்ளாட்டில் எப்போது போட்டாலும் குட்டி வீசவைப்பது இதனால்தான். சினையின் பிற்பகுதியில் போடும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் வீசவைக்கலாம். நெடுந்தூர லாரிப் பயணம், நாய் விரட்டல், பல நாள் பட்டினி போன்றவற்றைச் செம்மறியைவிட வெள்ளாடு குறைவாகத் தாங்குகிறது. ஆகவே கடந்த ஒரு மாதத்தில் போட்ட ஊசிகள், குடற்புழு மருந்து, ஆட்டை எங்காவது கொண்டுபோனது எல்லாம் எழுதவேண்டியவை. அல்பெண்டசோலை சினையின் முதல் மாதத்தில் கொடுத்திருந்தால் தேதியோடு எழுதுங்கள், அது கருவைக் கெடுக்கும்.

அப்புறம் பட்டியின் கணக்கு. மொத்தம் எத்தனை, சினை எத்தனை, குட்டி போட்டு முடித்தவை எத்தனை, வீசியவை எத்தனை, சோனிக் குட்டியாகப் பிறந்து செத்தவை எத்தனை. கடந்த ஒன்றரை வருடத்தில் வெளியிலிருந்து வந்த ஆடுகளும் இரவல் கிடாயும். தடுப்பூசி தேதிகள், முக்கியமாக ஆட்டுக்கொல்லி நோய்க்கானது. பட்டியில் காய்ச்சல், கழிச்சல், வாய்ப்புண், மூக்கொழுகல் இருந்தால் அதைத் தனியாக அடிக்கோடிடுங்கள். அப்போது வீசியது ஆட்டுக்கொல்லி நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம், பாக்டீரியாவைத் தேடி நாள் வீணாக வேண்டாம். தீவன அறையில் பூனை குட்டி போட்டதா? குட்டியின் கழுத்தில் கட்டி மாதிரி வீக்கம், முடி இல்லாமை தெரிகிறதா? அது அயோடின் பற்றாக்குறையைக் காட்டலாம். வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் காய்ச்சல் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஆனால் இதற்கு வரும் பதிலால் ஒரு மனிதருக்குச் சரியான சிகிச்சை கிடைக்கலாம்.

ஒரு பட்டியை வைத்துப் பார்ப்போம்

விருதுநகர்ப் பக்கம் கன்னி என்ற இன ஆடு வளர்க்கும் ஒரு பட்டி என்று வைத்துக்கொள்வோம். பெரிய பெட்டை ஆடு 30, கிடாய் 2, குட்டி 14. முதல் இரண்டு ஆடு வீசியபோது ரத்தம் மட்டும் ஆய்வகத்துக்குப் போயிற்று. ரோஸ் பெங்கால் சோதனையில் "இல்லை" என்று வந்தது. நோய் ஒன்றும் இல்லையாம் என்று வீட்டில் நிம்மதி ஆனார்கள். அங்கேதான் தவறு. ரோஸ் பெங்கால் புருசெல்லாவை மட்டும் தேடும் சோதனை, மற்ற கிருமிகளைப் பற்றி அது எதுவும் பேசாது. மூன்றாவது ஆடும் வீசியது, நஞ்சுக்கொடி கிடைக்கவில்லை. நான்காவது ஆட்டுக்கு முழு மாதிரியும் போயிற்று. கூடவே இருந்த சீட்டு இப்படி:

> "ஆடு எண் 17. வயது 14 மாதம், முதல் சினை, வீட்டில் பிறந்தது. சேர்ந்தது அக்டோபர் 5, வீசியது பிப்ரவரி 14 விடியற்காலை, 132-ஆம் நாள். இரண்டு குட்டி, இரண்டும் செத்தவை, அழுகல் இல்லை, முடி முளைத்தவை. நஞ்சுக்கொடி இரண்டு மணி நேரத்தில் விழுந்தது, தடித்திருக்கிறது, படம் இணைப்பு. ஆட்டின் சூடு 102.8, தீனி எடுக்கிறது, ஊசி எதுவும் போடவில்லை. சினை ஆடு 24: ஒழுங்காகப் போட்டது 7, வீசியது 4, சோனிக் குட்டி பிறந்து செத்தது 1, இன்னும் போடவேண்டியது 12. வீசிய நான்கில் மூன்று முதல் சினை. போன ஜூலையில் சந்தையில் 6 சினை ஆடு வாங்கினோம். செப்டம்பரில் அதில் ஒன்று வீசியது, முட்டியதால் என்று நினைத்தோம், நஞ்சுக்கொடி பட்டியிலேயே கிடந்தது. மற்ற ஐந்தும் நன்றாகப் போட்டன. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பம்."

24-இல் 4 என்றால் 17 சதவீதம். ஆனால் சினை முடிந்தவை 12 தான், அதில் 5-க்குக் குட்டி நிற்கவில்லை. மீதி 12 ஆடுகளும் இன்னும் ஆபத்தில்தான் இருக்கின்றன. இப்படிப் பார்த்தால்தான் அவசரம் புரியும்.

அடுத்தது, வீசியவை யார்? வாங்கிய ஆடுகள் அல்ல, பெரும்பாலும் வீட்டில் பிறந்த இளம் ஆடுகள். செப்டம்பரில் ஒரு நஞ்சுக்கொடி பட்டியில் கிடந்தபோது அவை சினையாகாத குட்டிகள், நக்கியோ மேய்ந்தோ கிருமியை வாங்கியிருக்கலாம். கிளமிடியா சினையில்லாத உடம்பில் சத்தமில்லாமல் தங்கி, சினையானபின் கடைசி மாதத்தில் நஞ்சுக்கொடியைத் தாக்கும். 132-ஆம் நாள், அழுகாத குட்டி, தடித்த சவ்வு, ஆடு தெம்பாக இருப்பது எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. ஒருநாள் முன்புவரை வெறும் "முட்டு" என்று இருந்த செப்டம்பர் சம்பவம், சீட்டில் எழுதியதால் துப்பாக மாறியது.

ஆய்வகத்தில் நஞ்சுக்கொடி ஒற்றிய கண்ணாடிக்கு மாற்றியமைத்த சீல்-நீல்சன் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நீலப் பின்னணியில் கொத்துக்கொத்தாகச் சிவப்புத் துகள்கள். இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. புருசெல்லாவும் காக்சியெல்லாவும்கூட இந்தச் சாயத்தில் சிவப்பாகவே தெரியும். எனவே அதே முடிச்சில் மூன்றுக்கும் பி.சி.ஆர். செய்தார்கள்: கிளமிடியா உண்டு, மற்ற இரண்டும் இல்லை. இரைப்பை நீரில் எதுவும் வளரவில்லை. கிளமிடியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும், சாதாரண வளர்ப்புத் தட்டில் வராது என்பதால் இந்த "வளரவில்லை" முடிவோடு முரண்படவில்லை. ரத்தத்தை மட்டுமே நம்பியிருந்தால் இந்தப் பட்டியில் இன்னும் பல குட்டிகள் போயிருக்கும்.

முடிவு வந்ததும் போடவேண்டிய 12 ஆடுகளையும் வேறு கொட்டிலுக்கு மாற்றினார்கள். மருத்துவர் அவற்றுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின் போட்டார். நஞ்சுக்கொடி ஏற்கெனவே கெட்டிருந்தால் இந்த ஊசி அந்தக் குட்டியைக் காப்பாற்றாது, கிருமியை முழுசாக ஒழிக்கவும் செய்யாது. வீசும் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். வீசிய நான்கும் கசிவு நிற்கும்வரை மூன்று வாரம் தனியாக நின்றன, அப்புறம் பட்டிக்குத் திரும்பின. அவற்றை யாரும் விற்கவில்லை. சினை ஆடு எதையும் வெளியே விற்கவும் இல்லை. மருமகள் அம்மா வீட்டுக்குப் போனார், குடும்ப மருத்துவரிடமும் விஷயத்தைச் சொன்னார்கள்.

"காரணம் தெரியவில்லை" என்று வந்தால்

எல்லாம் ஒழுங்காக அனுப்பினாலும் கணிசமான நேரங்களில் காரணம் கிடைக்காது. கரு செத்துப் பல நாள் கழித்து விழுந்திருக்கலாம், அதற்குள் கிருமியின் தடயம் அழிந்திருக்கலாம். அறிக்கையில் "இல்லை" என்று இருந்தால், எந்தெந்த நோய்க்குச் சோதித்துவிட்டு "இல்லை" என்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சோதிக்காத நோய் "இல்லை" ஆகாது. அடுத்த ஆடு வீசினால் மறுபடி மாதிரி அனுப்புங்கள். ஒரே பட்டியில் மூன்று நான்கு ஆடுகளின் மாதிரி போனால் காரணம் பிடிபடும் வாய்ப்பு கூடும்.

முதல் ரத்தம் எடுத்த ஆடுகளிலேயே இரண்டு முதல் மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு சீரத்தையும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் தொற்று இப்போது நடந்தது என்று பொருள். ஆனால் கிருமி சினைக்கு முன்பே உடம்பில் இருந்திருந்தால், வீசும்போதே எதிர்ப்புப் பொருள் உச்சத்தில் இருந்து அதற்குமேல் ஏறாமலும் போகலாம். அதனால் ஏறவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு நோயை ஒதுக்கிவிட முடியாது. முதல் குழாயை ஆய்வகம் எடுத்துவைத்திருக்கிறதா என்று அனுப்பிய அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சீரத்தில் பாதியை மருந்தகத்து ஃப்ரீசரில் ஆட்டின் எண்ணோடு வைக்கச் சொல்லலாம், உறையவைத்த சீரம் மாதக்கணக்கில் கெடாது.